நாய் குரைப்பது போன்ற இருமல்: டாக்டர் தொண்டையைப் பார்க்காமல் விட்டது சரியா?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம், எடை 11 கிலோ. இரண்டு நாள் மூக்கொழுகல், லேசான காய்ச்சல். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு நாய் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டு எழுந்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது கர்கர் என்று சத்தம். தொண்டை கம்மி, அழுகைகூட சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் கம்பு வைத்துப் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. வாயில் ஒரு மருந்து, ஒரு தடவை நெபுலைசர், அவ்வளவுதான். நாலு மணி நேரம் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. சவூதியில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார், "எபிகிளாட்டைட்டிஸாக இருந்தால் என்ன செய்வது, தொண்டையைப் பார்க்காமல் எப்படி விட்டார்கள்?" என்று கேட்கிறார். மாமியார், உள்நாக்கு இறங்கியிருக்கும், விரல் விட்டுத் தூக்கிவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: உங்கள் மகனுக்கு வந்தது குரூப், வைரஸால் குரல்வளை வீங்குகிற நோய். எழுதியிருக்கும் விவரங்களில், குரல்வளையின் மூடி வீங்குகிற எபிகிளாட்டைட்டிஸுக்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. டாக்டர் தொண்டைக்குள் கம்பு வைக்காதது கவனக்குறைவு அல்ல. அவர் யோசித்துத்தான் வைக்காமல் விட்டிருப்பார். உங்கள் நாத்தனாரின் பயமும் வீணான பயம் இல்லை. ஆனால் அவர் பயப்படுகிற அந்த நோய் வந்திருந்தால்தான் தொண்டையைப் பார்க்கவே கூடாது. மாமியாரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: மூச்சில் சத்தம் வரும் பிள்ளையின் தொண்டைக்குள் யாருடைய விரலும் போகக்கூடாது. உள்நாக்குக்கும் இந்தச் சத்தத்துக்கும் தொடர்பே கிடையாது.

இரண்டு நோயையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: வீக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. மற்ற அடையாளங்கள் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

நாக்கின் அடியில், குரல்வளையின் வாசலில், ஒரு இலை போல நிற்பதுதான் எபிகிளாட்டிஸ். நாம் விழுங்கும்போது சோறும் தண்ணீரும் மூச்சுப்பாதைக்குள் போகாமல் காப்பது இந்த மூடியும் குரல்வளையும் சேர்ந்துதான். இதற்குக் கீழே குரல்நாண்கள். குரல்நாண்களுக்கும் கீழே, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் தெரிகிற கிரிக்காய்டு குருத்தெலும்பு வளையத்துக்குள், பாதை குறுகிப் போகிறது. குரூப்பில் வீக்கம் குரல்நாண்களிலும் அவற்றுக்குக் கீழே உள்ள இந்தக் குறுகிய இடத்திலும். எபிகிளாட்டைட்டிஸில் வீக்கம் மேலே, வாசல் மூடியில்.

கீழே வீங்கினால் குரல்நாண்கள் தடித்துப்போகும். அதனால்தான் தொண்டை கம்முகிறது, இருமல் குரைப்பாக வருகிறது. ஆனால் விழுங்கும் பாதை அந்த வீக்கத்துக்குப் பின்னால் தனியாகப் போவதால் அதற்குச் சேதமில்லை. பிள்ளை எச்சில் விழுங்கும், பால் குடிக்கும். மேலே, மூடி வீங்கினால் கதை தலைகீழ். குரல்நாண்கள் நன்றாகவே இருக்கும், அதனால் குரைப்பு இருமல் பெரும்பாலும் வராது. ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் அந்த வீங்கின மூடி அசைந்தாக வேண்டும் என்பதால் விழுங்குவது உயிர் போகிற வலி. பிள்ளை தன் எச்சிலைக்கூட விழுங்காது, கடைவாயில் வழியவிடும். பேசினால் குரல் கம்மாது, வாய்க்குள் துணியை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி அமுங்கிக் கேட்கும்.

ஆக, அறை வாசலில் நின்றே டாக்டர் பார்ப்பது இரண்டு விஷயம்: பிள்ளை இருமுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா. குரைப்பு இருமல் இருந்து எச்சில் ஒழுகவில்லை என்றால் குரூப். இருமலே இல்லாமல் எச்சில் ஒழுகினால் எபிகிளாட்டைட்டிஸ் என்றே வைத்துக்கொண்டு நடப்போம், அது இல்லையென்று நிரூபணமாகும் வரை. ஒரு எச்சரிக்கை: பல் முளைக்கிற வயதில் எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் எச்சில் ஒழுகும். எப்போதும் ஒழுகுகிறதைச் சொல்லவில்லை. நேற்றுவரை இல்லாமல் இன்றைக்குப் புதிதாக, விழுங்க முடியாமல் ஒழுகுவதைத்தான் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மகனின் ராத்திரியை இதோடு வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் ஜலதோஷம் முன்னால் வந்தது. வைரஸ், பெரும்பாலும் பாரா இன்ஃப்ளூயன்சா வகை, மூக்கில் தொடங்கிக் கீழே இறங்க எடுத்துக்கொண்ட நேரம் அது. காய்ச்சல் லேசானது. வயது ஒன்றே முக்கால். குரூப் வருவது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை, அதிலும் இரண்டாம் வயதில்தான் அதிகம். பகலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை நடுராத்திரியில் குரைத்துக்கொண்டு எழுவதும் குரூப்பின் பழக்கம். வீக்கத்தை அடக்குகிற கார்ட்டிசால் ராத்திரியில் உடம்பில் குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இவ்வளவு சின்ன வீக்கத்துக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த வளையத்துக்குள் பாதையின் குறுக்களவு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். குறுக்களவு பாதியானாலும் காற்று போகிற இடம் கால்வாசியாகிவிடுகிறது. காற்றை இழுக்கத் தேவையான பலம் பதினாறு மடங்காகிறது. கிரிக்காய்டு முழு வளையம் என்பதால் வீக்கத்துக்கு வெளியே போக வழி இல்லை, உள்பக்கம்தான் வரும். பெரியவர்களுக்கு இதே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் குரல் கம்முவதோடு போய்விடும். பிள்ளை அழுதால் இன்னும் வேகமாக இழுக்கும், அந்த வேகத்தில் குறுகிய இடம் இன்னும் ஒட்டிக்கொள்ளும், சத்தம் கூடும். குரூப் பிள்ளையை அழவிடாமல் அம்மா மடியிலேயே வைத்துப் பார்ப்பது இதனால்தான். பாசம் மட்டும் காரணமில்லை, அது சிகிச்சையில் ஒரு பகுதி.

இனி நாத்தனார் மனதில் இருக்கிற அந்த மற்றப் பிள்ளையைப் பார்ப்போம். வயது நாலு என்று வைத்துக்கொள்வோம். காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. மதியம் தொண்டை வலி என்கிறது, சாயங்காலம் 103 டிகிரி காய்ச்சல், ராத்திரி எட்டு மணிக்கு மூச்சுத் திணறல். ஜலதோஷம் இல்லை, இருமல் இல்லை. படுக்கவைத்தால் படுக்காது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, தாடையை முன்னுக்கு நீட்டி, வாயைத் திறந்தபடி இருக்கும். எச்சில் ஒழுகி சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும். அழக்கூட மாட்டாது, அசைந்தால் மூச்சு நின்றுவிடும் என்று அதற்கே தெரிந்த மாதிரி முழித்துப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கும். சத்தம்கூடப் பெரிதாக இருக்காது, மெல்லிய குறட்டை போலத்தான். பெற்றவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குரைத்துக்கொண்டு வீட்டையே எழுப்புகிற குரூப் பிள்ளையைப் பார்த்துப் பதறுகிறார்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளையை, காலையில் பார்க்கலாம் என்று விடுகிறார்கள். ஒரு நோய் நாள்கணக்கில் வருகிறது, இன்னொன்று மணிக்கணக்கில்.

இந்தப் பிள்ளையின் நாக்கைக் கம்பால் அமுக்கினால் என்ன ஆகும்? நாக்கின் அடிப்பகுதியும் மூடியும் ஒட்டினாற்போல இருப்பவை. குமட்டல் வரும், பிள்ளை திமிறும், அழும். வீங்கி உருண்டுபோன மூடி வாசலில் அடைத்துக்கொள்ளலாம். குரல்வளை இறுக்கிப் பூட்டிக்கொள்ளலாம். அந்த இடத்தில், கையில் கருவியோ மயக்க மருத்துவரோ இல்லாத நேரத்தில், மூச்சு நின்றால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். எக்ஸ்ரேக்கு அனுப்பினாலும் இதே ஆபத்துதான்: படுக்கவைத்துக் கழுத்தை நீட்டச் சொல்வார்கள், எக்ஸ்ரே அறையில் மூச்சுக் குழாய் போடத் தெரிந்தவர் இருக்கமாட்டார். பக்கவாட்டுப் படத்தில் வீங்கின மூடி கட்டைவிரல் போலத் தெரியும் என்பது உண்மை. குரூப்பில் நேர்ப்படத்தில் காற்றுப்பாதை தேவாலயக் கோபுரத்தின் உச்சி போலக் கூர்ந்து தெரியும் என்பதும் உண்மை. ஆனால் குரூப் இருந்தும் படம் சாதாரணமாக வருவது உண்டு, குரூப் இல்லாத பிள்ளைக்கும் கூர்மை தெரிவது உண்டு. உங்கள் மகனைப் போன்ற தெளிவான குரூப்புக்கு எக்ஸ்ரே தேவையே இல்லை.

எபிகிளாட்டைட்டிஸ் என்று சந்தேகம் வந்துவிட்டால் ஊசி போடுவதில்லை, ரத்தம் எடுப்பதில்லை, அம்மா மடியிலிருந்து பிரிப்பதில்லை. ஆக்சிஜன்கூட மாஸ்க்கை அம்மா கையில் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் காட்டுவதுதான். மயக்க மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் வரவழைத்து, ஆபரேஷன் தியேட்டரில், பிள்ளையை உட்கார்ந்தபடியே மயக்க வாயு சுவாசிக்க வைத்துத் தூங்கவைத்து, அதன் பிறகுதான் மூச்சுக் குழாய் போடுவார்கள். கழுத்தில் துளையிடத் தேவையான கருவிகள் பக்கத்தில் தயாராக இருக்கும். அப்போதுதான் முதன்முதலாக அந்த மூடியைக் கண்ணால் பார்ப்பார்கள்: செர்ரிப் பழம் போலச் சிவந்து வீங்கியிருக்கும். நோய் இதுதான் என்று உறுதியாவதும் அங்கேதான். குழாய் உள்ளே போன பிறகுதான் ரத்தப் பரிசோதனை, பிறகு செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஆன்டிபயாட்டிக். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்து குழாயை எடுத்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். பாதையைக் காப்பாற்றிவிட்டால் நோய் சுலபமாகக் குணமாகக்கூடியது. சாவு நேர்வது பாதை அடைபடுகிற அந்தச் சில நிமிடங்களில்.

உங்கள் மகனுக்குக் கொடுத்த மருந்துகளைப் பார்ப்போம். வாயில் கொடுத்தது அநேகமாக டெக்சாமெத்தசோன், வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு. கிலோவுக்கு 0.15 முதல் 0.6 மில்லிகிராம் வரை, ஒரே ஒரு வேளை. 11 கிலோ பிள்ளைக்கு 1.65 முதல் 6.6 மில்லிகிராம். மில்லிக்கு 4 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தையே உறிஞ்சி, ஊசி போடாமல் வாயில் கொடுப்பதும் வழக்கம். அப்படியென்றால் உயர்ந்த அளவுக்கும் ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். வேலை செய்யத் தொடங்க அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், பலன் இரண்டு நாள் வரை நிற்கும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் நெபுலைசர். அதில் போட்டது அட்ரினலின்: கிலோவுக்கு அரை மில்லி, ஆனால் மொத்தம் 5 மில்லிக்கு மேல் போவதில்லை. பத்து முதல் முப்பது நிமிடத்தில் வீக்கம் சுருங்கிச் சத்தம் குறையும். இரண்டு மணி நேரத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும். அப்போது டெக்சாமெத்தசோன் பிடித்திருக்காவிட்டால் சத்தம் திரும்பிவரும். உங்களை நாலு மணி நேரம் உட்காரவைத்தது இதைப் பார்க்கத்தான். நெபுலைசர் முடிந்ததும் பிள்ளை சிரிக்கிறது என்று சண்டை போட்டுக் கிளம்பிப் போகிறவர்களில் சிலர்தான் விடியற்காலையில் திரும்ப ஓடிவருகிறார்கள்.

குரூப் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒரு பலனும் இல்லை. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு நெபுலைசர் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் போடுகிற சால்பியூட்டமால் நெஞ்சுக்குள் சின்னக் குழாய்கள் இறுகுகிற இழுப்புக்கு. மூச்சை வெளியே விடும்போது விசில் கேட்டால் அந்த இழுப்பு. உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்டால் தடை கழுத்தில். அதற்கு சால்பியூட்டமால் உதவாது, படபடப்பைத்தான் கூட்டும். வெந்நீர் ஆவி பிடிப்பதும் குரூப்பைக் குறைப்பதில்லை, ஆனால் பிள்ளையின் தொடையில் கொதிநீர் கவிழ்வது மட்டும் நிஜமாகவே நடக்கிறது. மூக்கில் எண்ணெய் விடுவது, ஆடாதோடை கஷாயம் புகட்டுவது, இவையும் அந்த நேரத்தில் வேண்டாம். திணறுகிற பிள்ளைக்கு எதைப் புகட்டினாலும் புரையேறும்.

இருமலா எச்சிலா என்ற கேள்விக்குள் அடங்காதவை சில உண்டு. குரூப் போலத் தொடங்கி, மூன்று நாலு நாளில் குறைவதற்குப் பதிலாகக் காய்ச்சல் திடீரென்று ஏறி, பிள்ளை வாடிப்போய், அட்ரினலின் நெபுலைசருக்கும் அசையாமல் இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் சீழ் கட்டுகிற பாக்டீரியா நோய், ஐ.சி.யூ. தேவைப்படும். ஜலதோஷமும் காய்ச்சலும் இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று மூச்சடைத்து இருமினால், நிலக்கடலையோ ரம்புட்டான் கொட்டையோ உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். தடுப்பூசி போடாத பிள்ளைக்குக் கழுத்து வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் இருந்தால் தொண்டை அடைப்பான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தச் சத்தம் வந்தாலோ, ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வந்தாலோ, சாதாரண குரூப் என்று விடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிப் பாதையில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாத்தனாரின் பயத்துக்கு இன்னொரு பதில் உங்கள் வீட்டிலேயே, தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. பிள்ளைகளின் எபிகிளாட்டைட்டிஸுக்கு முக்கியக் காரணம் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி என்கிற பாக்டீரியா, சுருக்கமாக ஹிப். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அரசு தடுப்பூசித் திட்டத்தில் பென்டாவேலன்ட் சேர்ந்தது. ஐந்து நோய்களுக்கான அந்த ஊசியில் ஹிப்பும் ஒன்று. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் மூன்று தவணை. மூன்றுக்கும் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் போட்ட பிள்ளைக்கு இந்த நோய் மிக மிக அரிது, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது; வேறு கிருமிகளாலும் வரலாம். அதனால் அட்டை சரியாக இருந்தாலும், எச்சில் ஒழுக முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை டாக்டர் அதே எச்சரிக்கையோடுதான் கையாள்வார்.

இந்த நோய் இரண்டாம் ராத்திரியும் திரும்ப எட்டிப்பார்ப்பது உண்டு, அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இருமல் குரைப்பாக இருந்தும், பிள்ளை மடியில் அமைதியாக இருக்கும்போது சத்தமே இல்லை, அழும்போது மட்டும் வருகிறது என்றால் லேசானது. நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அணைத்தபடி திண்ணைக்குக் கொண்டுபோய் ராத்திரியின் குளிர்ந்த காற்றில் கொஞ்ச நேரம் உட்காரலாம், சில பிள்ளைகளுக்கு அது இதமாக இருக்கும். காலையில் டாக்டரிடம் காட்டினால் போதும். மீந்த டெக்சாமெத்தசோன் வீட்டில் இருந்தாலும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதே சத்தம் கேட்டால், அல்லது சட்டையைத் தூக்கிப் பார்க்கும்போது கழுத்தடிக் குழியும் விலா எலும்புகளுக்குக் கீழும் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கினால், அப்போதே கிளம்ப வேண்டும். கிளம்புமுன், பிள்ளையை அழவைக்காமல், நெஞ்சு தெரிகிற மாதிரி இருபது விநாடி போனில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இருமல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். அந்த இருபது விநாடி டாக்டருக்குப் பாதி வேலையைச் செய்து கொடுக்கும்.

எச்சில் ஒழுகுகிறது, விழுங்கவில்லை, படுக்க மறுக்கிறது, உதடு நீலம், அல்லது இவ்வளவு நேரம் சத்தம் போட்ட பிள்ளை சோர்ந்து சத்தம் தானாகக் குறைகிறது: இதில் எது இருந்தாலும் 108. சத்தம் குறைவதை நல்ல குறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இழுக்கத் தெம்பில்லாமல் போனாலும் குறையும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரில் 97 காட்டுகிறதே என்று நம்பி உட்காராதீர்கள். மேல்பாதை அடைப்பில் ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும். போனில், "பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போது சத்தம், எச்சில் விழுங்கவில்லை, குழந்தை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கிற ஆஸ்பத்திரி வேண்டும்" என்று சொல்லுங்கள். கருங்கலிலிருந்து என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, தியேட்டரும் ஐ.சி.யூ.வும் உள்ள இடம். வரும் தகவலை முன்கூட்டியே அங்கே சொல்லச் சொல்லுங்கள். போகும் வழி முழுக்கப் பிள்ளை தானே தேர்ந்துகொண்ட நிலையில், உங்கள் மடியில் உட்கார்ந்தபடியே வரட்டும். ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் இருக்கிறதே என்பதற்காக மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள்.